முறைத்தாலும் சிரித்தாலும் மாறாத முகம்

1941 டிசம்பர் 30. கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில், நாடாளுமன்றத்தில் உரையாற்றிவிட்டு வந்த பிரிட்டன் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சிலைப் படமெடுக்க, சபாநாயகர் அறையில் விளக்குகளை அமைத்துக் காத்திருந்தார் யூசுப் கார்ஷ். சர்ச்சிலின் வாயில் சுருட்டு. எடுத்துவிடும்படி கேட்டும் அவர் எடுக்கவில்லை. கார்ஷ் நேரே போய், மன்னிப்புக் கேட்டபடியே சுருட்டை அவர் வாயிலிருந்து பிடுங்கிவிட்டார். சர்ச்சில் முறைத்தார். அந்த முறைப்புதான் உலகம் முழுக்கச் சுற்றிய படம். 2016-ல் வெளியான பிரிட்டனின் ஐந்து பவுண்டு நோட்டில் இருப்பதும் அதுவே. சற்று நேரத்தில் அதே அறையில் சர்ச்சில் புன்னகைக்கும் இன்னொரு படத்தையும் கார்ஷ் எடுத்தார். அதைப் பார்த்தவர்கள் குறைவு.

கேலிச்சித்திரம் பழக வருகிறவர்களுக்கு இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. ஒரு புகைப்படத்தைப் பார்த்து எதைப் பெரிதாக்குவது, எதைச் சுருக்குவது என்று ஓவியர் எப்படி முடிவு செய்கிறார் என்ற கேள்விக்கு, பதிலின் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது.

முறைக்கும் படத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வரைய உட்காருகிறவரின் கண்ணில் முதலில் விழுவது இறங்கிய புருவம். அடுத்து, மூக்கின் இரு பக்கத்திலிருந்தும் வாயோரம் வரை இறங்கும் மடிப்புகள். அப்புறம் இறுகிய வாய். மூன்றையும் நன்றாகப் பெருக்கி வரைந்தால் கோபக்காரப் பெரியவர் ஒருவர் கிடைப்பார். ஆனால் அவர் சர்ச்சில்தானா என்பது சந்தேகம். கோபத்தில் புருவம் இறங்காத மனிதர் யார்? மூன்றுமே அந்த நொடியில் தசைகள் இழுத்ததால் வந்தவை. புன்னகைக்கும் படத்தில் புருவம் தளர்ந்துவிட்டது, வாய் விரிந்துவிட்டது, மடிப்புகள் வேறு பக்கம் வளைந்துவிட்டன. இருந்தும் அதைப் பார்த்த கணத்திலேயே சர்ச்சில் என்று சொல்லிவிடுகிறோம். அப்படியானால் நாம் அவரை அடையாளம் கண்டது புருவத்தாலோ மடிப்பாலோ அல்ல.

இரண்டிலும் மாறாமல் இருப்பவற்றைத் தேடுவோம். தலை உருண்டை. முடி உதிர்ந்ததால் நெற்றி எங்கே முடிகிறது, மண்டை எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாத ஒரே வளைவு. கன்னமும் தாடையும் காதுக்குக் கீழே அகன்று, கழுத்து என்று தனியாக ஒன்று தெரியாமல் காலருக்குள் இறங்குகின்றன. இவ்வளவு அகன்ற பரப்பில் கண்கள் சிறியவை, மூக்கு குட்டை, வாய் மெல்லிய கோடு. மூன்றும் நடுவில் நெருங்கிக் கிடக்க, சுற்றிலும் வெற்றிடம் அதிகம். சர்ச்சிலின் ஜாடை இந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது.

இதில் "பெரிய மூக்கு", "நீண்ட காது" என்று விரல் நீட்டிக் காட்டக்கூடிய ஒற்றை உறுப்பு ஏதும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கேலிச்சித்திரம் என்றாலே மூக்கைப் பெரிதாக்குவது என்று பலரும் நினைக்கிறார்கள். மூக்கு பெரிதாக இருந்தால் அதையும் பெரிதாக்கலாம்தான். ஆனால் தேர்ந்த ஓவியர் பெரும்பாலும் பெருக்குவது உறுப்பை அல்ல, உறுப்புகளுக்கு இடையிலான தூரத்தை. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே எவ்வளவு இடம், கண்ணுக்கும் புருவத்துக்கும் நடுவே எவ்வளவு, வாய்க்குக் கீழே மோவாய்க்கு எவ்வளவு மிச்சம் என்பதையே அவர் கண் முதலில் அளக்கிறது. இரண்டு பேருக்கு ஒரே அச்சில் வார்த்தது போன்ற மூக்கு இருக்கலாம். அதன் கீழே ஒருவருக்கு உதடு ஒட்டிக் கிடக்கும், இன்னொருவருக்கு இரண்டு விரல் தள்ளி இருக்கும். முகம் வேறாகிவிடும்.

அளப்பது என்றால் எதனோடு ஒப்பிட்டு அளப்பது? ஓவியப் பள்ளிகளில் எல்லோரும் முதலில் கற்கும் ஒரு சராசரி முகம் உண்டு. உச்சந்தலையிலிருந்து மோவாய் வரையான உயரத்தில் கண்கள் சரிபாதியில் வரும். முகத்தின் அகலத்தில் ஐந்து கண்களை வரிசையாக வைக்கலாம், இரு கண்களுக்கும் நடுவே ஒரு கண் அளவு இடம் இருக்கும். முடி தொடங்கும் இடத்திலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கின் அடி, அங்கிருந்து மோவாய் என்று மூன்றும் ஏறக்குறைய சமம். இந்த அளவில் அச்சாக இருக்கும் மனிதர் அரிது. இதை ஓவியர் மனதில் வைத்துக்கொள்வது அளவுகோலாக. புகைப்படத்திலுள்ள முகத்தை அதன்மேல் வைத்துப் பார்த்து, எங்கே விலகுகிறது, எந்தப் பக்கம் விலகுகிறது என்று பார்க்கிறார். விலகும் இடத்தில், விலகும் திசையிலேயே இன்னும் கொஞ்சம் தள்ளுகிறார். சராசரியைவிட அகன்ற கன்னம் இன்னும் அகலும், குட்டையான மூக்கு இன்னும் குட்டையாகும். சிறியதை மேலும் சிறிதாக்குவதும் மிகைப்படுத்தல்தான் என்பதைத்தான் புதிதாக வரைகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இந்த வழியைக் கணினியில் செய்து பார்த்தவர் சூசன் பிரென்னன். 1982-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் முதுகலை ஆய்வுக்காக ஒரு நிரல் எழுதினார். புகைப்படத்து முகத்தில் கண்ணோரம், மூக்கு நுனி, தாடை வளைவு என்று 169 புள்ளிகளைக் குறிக்க வேண்டும். கணினி அவற்றைச் சராசரி முகத்தின் அதே புள்ளிகளோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு விலகலையும் கேட்கும் அளவுக்குப் பெருக்கிக் கோட்டோவியமாகத் தரும். 1987-ல் ஜில்லியன் ரோட்ஸ், சூசன் கேரி ஆகிய உளவியலாளர்களும் பிரென்னனும் சேர்ந்து இந்த ஓவியங்களைப் பலருக்குக் காட்டிச் சோதித்தார்கள். தெரிந்தவர்களின் முகம் என்றால், உள்ளபடி வரைந்த கோட்டோவியத்தைவிட மிகைப்படுத்திய ஓவியத்தையே மக்கள் சீக்கிரம் அடையாளம் கண்டார்கள். எது அசலுக்கு மிக நெருக்கம் என்று கேட்டபோது அவர்கள் தேர்ந்தெடுத்ததன் சராசரியும் உள்ளபடி வரைந்ததாக இல்லை. விலகல் சுமார் 16 சதவீதம் கூட்டப்பட்டிருந்தது. நம் நினைவில் முகங்கள் பதிவதே சராசரியிலிருந்து விலகும் அளவாகத்தான் என்று எண்ணுவதற்கு இது நல்ல ஆதாரம்.

ஆனால் அந்த நிரல் எல்லா விலகலையும் ஒரே விகிதத்தில் பெருக்குகிறது. மனிதர் அப்படிச் செய்வதில்லை, செய்யவும் கூடாது. பத்து விலகல்களில் இரண்டு மூன்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றை அப்படியே விட்டுவிடுவதில்தான் அவருடைய கலை தொடங்குகிறது.

அதற்கு முன்னால், யாருடைய சராசரி என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. இந்தத் தொழிலில் நடக்கும் மிக மோசமான பிழை இங்கேதான் பிறக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஓவியர் மனதிலுள்ள சராசரி, அவர் தினம் பார்த்து வளர்ந்த முகங்களிலிருந்து வந்தது. ஐரோப்பிய முகங்களையே பார்த்து வளர்ந்த ஒருவர் ஓர் ஆப்பிரிக்கத் தலைவரை வரையும்போது, தடித்த உதடும் அகன்ற மூக்கும் அவர் கண்ணுக்கு "விலகல்" ஆகத் தெரிகின்றன. அவற்றைப் பெருக்குகிறார். கிடைப்பது அந்தத் தலைவர் அல்ல, ஓர் இனத்தைப் பற்றிய பழிப்பு. அதே தவறை நம் ஊர் ஓவியரும் ஒரு ஜப்பானியரை வரையும்போது கண்ணைக் கோடாக்கிச் செய்துவிட முடியும். அந்த மனிதரைத் தெரிந்த ஜப்பானியர் ஒருவர் பார்த்தால் "இது யார்?" என்றுதான் கேட்பார், ஏனென்றால் அந்தக் கண் அவருக்கு அடையாளமே இல்லை. வரையப் போகிறவரின் ஊர், வயது, பால் ஆகியவற்றை ஒத்த ஐம்பது முகங்களையாவது முதலில் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்தக் கூட்டத்தில் இவர் எப்படித் தனியாகத் தெரிகிறார் என்று கேட்டால் இந்தப் பிழை பெருமளவு விலகும். சர்ச்சிலுக்கும் இது பொருந்தும். அவருக்கு அப்போது வயது 67. தளர்ந்த கன்னமும் கண்ணுக்குக் கீழே பையும் அந்த வயதில் பலருக்கும் உண்டு. அவற்றை மட்டும் பெருக்கினால் வயோதிகம்தான் கிடைக்கும்.

இனி வேலை. பழகிய ஓவியர் புகைப்படத்தைப் பார்த்தபடியே வரையத் தொடங்குவதில்லை. சில நொடிகள் உற்றுப் பார்ப்பார், பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு நினைவிலிருந்து கட்டைவிரல் அளவில் கிறுக்குவார். நினைவில் தங்கியது எதுவோ அதுவே தாளில் வரும், சட்டைக் காலரும் சுருக்கங்களும் தாமாகவே உதிர்ந்துவிடும். இப்படி ஐந்தாறு குட்டிப் படங்கள், ஒவ்வொன்றிலும் வேறு ஒன்றைத் தள்ளிப் பார்ப்பது. இந்தக் கட்டத்தில் கண்ணிமை, பல், முடிக்கற்றை எதுவும் வேண்டாம். தலைக்கு ஒரு வடிவம், இரண்டு கண்களுக்கு இரண்டு, மூக்குக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று என ஐந்தே வடிவங்கள் போதும் என்பது 'மேட்' இதழில் பல்லாண்டு வரைந்த டாம் ரிச்மண்ட் சொல்லித்தரும் முறை. இந்த ஐந்தும் சரியான தூரத்தில் அமைந்தால், உள்ளே ஒரு விவரமும் இல்லாமலே ஆள் தெரிந்துவிடும். அமையாவிட்டால் எவ்வளவு நுணுக்கமாகத் தீட்டினாலும் தெரியாது.

ஐந்திலும் தலை வடிவத்துக்குத்தான் முதலிடம். 1831-ல் பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப்பை அவமதித்ததாக இதழாசிரியர் சார்ல் பிலிப்போன் மீது வழக்கு நடந்தது. அவர் நீதிமன்றத்திலேயே நான்கு படங்கள் வரைந்து காட்டினார். முதல் படம் மன்னரின் முகம். ஒவ்வொரு படியாக மாறி, நான்காவதில் அது வெறும் பேரிக்காய். எந்தப் படத்தில் குற்றம் தொடங்குகிறது என்பது அவருடைய வாதம். தண்டனையிலிருந்து அவரால் தப்ப முடியவில்லை. ஆனால் பேரிக்காய் பாரிஸ் சுவர்களெங்கும் மன்னரின் அடையாளமாகிவிட்டது. மேலே குறுகி, கன்னத்தில் அகன்று தொங்கும் வெளிக்கோடு ஒன்றே ஆளைச் சொல்லிவிட்டது. கண்ணும் மூக்கும்கூடத் தேவைப்படவில்லை.

சர்ச்சிலின் வெளிக்கோட்டை என்ன செய்வது? இங்கேதான் ஓவியர் நிஜமாகவே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. மண்டையும் உருண்டு பெரிது, தாடையும் அகன்று பெரிது. இரண்டையும் ஒருசேரப் பெரிதாக்கினால் வெறும் பலூன் கிடைக்கும், ஏனென்றால் எல்லாம் பெரிதான இடத்தில் எதுவும் பெரிதாகத் தெரியாது. தலைக்கு இவ்வளவுதான் பருமன் என்று ஓர் அளவு வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் கூட்டியதை இன்னொரு பக்கம் குறைத்துக் கொடுக்க வேண்டும். மண்டையைக் கூட்டித் தாடையைக் குறைத்தால், கண்ணும் மூக்கும் வாயும் கீழே இறங்கிக் குழந்தை முகம் வருகிறது. அது பொய்யும் அல்ல. சர்ச்சில் முகத்தில் குழந்தைச் சாயல் உண்டு, புன்னகைக்கும் படத்தில் அது நன்றாகவே தெரிகிறது. தாடையைக் கூட்டி மண்டையைக் குறைத்தால், முகத்தின் எடை முழுவதும் கீழே இறங்கி, அசைக்க முடியாத ஒரு பிடிவாதம் வருகிறது. மூன்றாவதாக, வெளிக்கோட்டைக் கிட்டத்தட்ட அப்படியே விட்டுவிட்டு, நடுவிலுள்ள கண் மூக்கு வாயை மட்டும் இன்னும் சுருக்கிச் சேர்த்தால், பெரிய வட்டத்துக்குள் ஒரு சின்ன முகம் எட்டிப் பார்க்கும்.

மூன்றும் அந்த முகத்துக்கு உண்மையானவை. அப்படியென்றால் எதை எடுப்பது என்பதை முகம் சொல்லாது. ஓவியர் அந்த மனிதரைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதுதான் சொல்லும். 1940 ஜூனில், போர் நெருக்கடியின் நடுவே, 'டெய்லி எக்ஸ்பிரஸ்' இதழில் சிட்னி ஸ்ட்ரூப் சர்ச்சிலை இரும்புத் தொப்பி அணிந்த புல்டாக் நாயாக வரைந்தார். தாடையை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுக்கொடுத்த தேர்வு அது. கார்ஷ் படத்துக்கு ஒன்றரை ஆண்டு முந்தையது. முறைப்பிலிருந்து புல்டாக் வரவில்லை. தாடையில் ஏற்கெனவே இருந்த புல்டாக்குக்கு அந்த முறைப்பு பொருந்திப்போனது, அவ்வளவுதான். அதனால் முகபாவத்தைத் தொடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அமைப்பை முடித்த பிறகு, அந்த அமைப்பு ஏற்கெனவே சொல்வதை உறுதிப்படுத்தும் பாவத்தைத் தேர்ந்து மேலே ஏற்றலாம். வரிசை மாறினால்தான் பிழை.

கண்ணாடி, தொப்பி, சுருட்டு போன்றவை தனி வகைச் சபலம். எம்.ஜி.ஆருக்கு வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும், கருணாநிதிக்குக் கறுப்புக் கண்ணாடியும் மஞ்சள் துண்டும், காந்திக்கு வட்டக் கண்ணாடியும் போட்டுவிட்டால் யார் வரைந்தாலும் ஆள் தெரிந்துவிடும். தினசரிக்கு அவசரமாக அரசியல் கார்ட்டூன் வரைகிறவருக்கு அது போதும், அதில் தவறும் இல்லை. ஆனால் முகத்தைப் பிடித்தோமா என்று அறிய விரும்புகிறவர் தொப்பியையும் கண்ணாடியையும் விரலால் மறைத்துப் பார்க்க வேண்டும். கார்ஷ் சுருட்டைப் பிடுங்கியது இந்தச் சோதனையைத்தான் நமக்குச் செய்து கொடுத்தது. சுருட்டு போன பிறகும் அந்த முகத்தில் ஒரு குறையும் தெரியவில்லை.

புகைப்படமே பொய் சொல்லும் இடங்களும் உண்டு. இன்று வரையச் சொல்லி வருகிற படங்களில் பெரும்பாலானவை கைபேசியில் எடுத்த செல்ஃபிகள். கை நீளத்தில் கேமரா இருந்தால் அதற்கு மிக அருகில் இருப்பது மூக்கு, தள்ளி இருப்பது காது. 2018-ல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு கணக்கின்படி, ஒரு ஆணை 12 அங்குலத் தூரத்தில் எடுத்தால், ஐந்தடித் தூரத்தில் எடுப்பதைவிட மூக்கின் அகலம், முகத்தோடு ஒப்பிட்டால், சுமார் 30 சதவீதம் கூடுதலாகத் தெரியும். மூக்கு பெரிது என்று நம்பி ஓவியர் அதை மேலும் பெருக்கினால், அவர் வரைந்தது கேமராவின் தூரத்தை. கண்டுபிடிக்க எளிய வழி காதுகள். நேராகப் பார்க்கும் முகத்தில் காதுகள் கன்னத்துக்குப் பின்னால் பதுங்கி, மூக்கு முன்னால் வந்து நின்றால் படம் அருகிலிருந்து எடுக்கப்பட்டது என்று சந்தேகிக்கலாம். கீழிருந்து எடுத்த படம் தாடையைப் பெருக்கி நெற்றியைக் குறைக்கும், மேலிருந்து எடுத்தது நேர்மாறு. ஒரு பக்கத்து வெளிச்சம் இல்லாத குழியைக் கன்னத்தில் உண்டாக்கும். அதனால்தான் ஒரே படத்தை வைத்து வரைய மறுக்கும் ஓவியர்களை நான் மதிக்கிறேன். வெவ்வேறு நாளில், வெவ்வேறு தூரத்திலிருந்து எடுத்த நான்கைந்து படங்களைக் கேட்டு வாங்கி, எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வருவதை மட்டுமே நம்புவார்கள். ஒரே படம்தான் கிடைக்கும் என்றால், தூரத்தாலும் கோணத்தாலும் வெளிச்சத்தாலும் மாறாத ஒன்றிரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, தள்ளும் அளவைக் குறைத்துக்கொள்வது நல்லது.

எங்கும் பெரிதாக விலகாத முகங்களும் வரும். திரைப்பட நாயகிகளை வரைவது கடினம் என்று ஓவியர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். அங்கே உறுப்பில் தேடிப் பயனில்லை. தலையை எந்தப் பக்கம் சாய்ப்பார், சிரிக்கும்போது ஒரு வாயோரம் மட்டும் முதலில் ஏறுமா, கழுத்து தோளில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று தேட வேண்டும். சின்ன விலகல்தான் கிடைக்கும், அதைச் சின்னதாகவே தள்ள வேண்டும்.

வரைந்து முடித்ததும், அந்த ஆளைத் தெரிந்த ஒருவரிடம் பெயர் சொல்லாமல் காட்டுவார்கள். பெயர் உடனே வந்தால் சரி. "எங்கேயோ பார்த்த முகம்" என்று இழுத்தால், வடிவங்கள் சரி, தூரம் எங்கோ தவறியிருக்கிறது. பெரும்பாலும் மூக்குக்கும் வாய்க்கும் நடுவே, அல்லது கண்ணுக்கும் புருவத்துக்கும் நடுவே. படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் புகைப்படத்தையும் தலைகீழாக வைத்து ஒப்பிட்டால், பழகிய கண் மறைத்த அந்தத் தவறு தெரிந்துவிடும். "இவர் அண்ணன் மாதிரி இருக்கே" என்று வந்தால் தலை வடிவம் சரி, உள்ளே ஏதோ ஒன்றை எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டோம். வேறு ஒருவரின் பெயரே வந்தால் திருத்தப் பார்க்காமல் தாளை ஒதுக்கிவிட்டுக் கட்டைவிரல் படங்களுக்கே திரும்புவது நேரத்தை மிச்சப்படுத்தும். முதலில் எடுத்த தேர்வே தவறு, மேலே எவ்வளவு தீட்டினாலும் அது சரியாகாது.